ஒன்பதாவது வளைவில் பூரி

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் வால்பாறை பஸ்ஸுக்கு நிற்கும் குடும்பங்களில் இரண்டு கட்சி உண்டு. "மேல போய்ச் சேர நேரமாகும், நல்லா சாப்பிட்டுட்டு ஏறு" என்று பிள்ளைக்குப் பூரி மசாலா வாங்கித் தருவது ஒரு கட்சி. "பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது, இறங்கினதும் பாத்துக்கலாம்" என்று பட்டினி போட்டு அழைத்துப் போவது இன்னொன்று. ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். எல்லோரும் போட்டோ எடுக்கிற லோம்ஸ் வியூ பாயின்ட் ஒன்பதாவது வளைவில் இருக்கிறது. அதற்குள்ளேயே கண்டக்டரிடம் கவர் கேட்கும் குரல்கள் எழும். கேட்பவர்களில் இரண்டு கட்சிக்காரர்களும் இருப்பார்கள். ஒரு பிள்ளை பூரியை வெளியே தள்ளும். இன்னொன்று ஒன்றுமில்லாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்து, கடைசியில் மஞ்சளாகக் கொஞ்சம் நீரைத் துப்பும்.

பூரிதான் காரணம் என்றால் பட்டினி கிடந்தவனுக்கு ஏன் வந்தது? பூரிக்குச் சம்பந்தமே இல்லை என்றால், சாப்பிட்டவுடன் ஏறுகிற நாளில் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் பதில் தேட வேண்டும். அதை வயிற்றில் தேடத் தொடங்கினால் கிடைக்காது. காதில் தொடங்க வேண்டும்.

நம் உள்காதில் கேட்பதற்கான பகுதியை ஒட்டியே, தலை எந்தப் பக்கம் அசைகிறது என்பதைக் கண்டறியும் உறுப்பும் இருக்கிறது. தலை திரும்புவதை உணர மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுள் திரவம். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழும் இழுபடுவதையும் தலை சாய்வதையும் உணர, நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள். பஸ் வளைவில் திரும்பும்போது இவை உடனே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதே நேரத்தில் கண் என்ன பார்க்கிறது? முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்க்கிறது. பஸ்ஸுக்குள் எதுவும் நகரவில்லை என்று கண் சொல்கிறது, சுழல்கிறோம் என்று காது சொல்கிறது. அடுத்து எந்தப் பக்கம் சாயப் போகிறோம் என்று மூளை முன்கூட்டிக் கணித்து வைத்திருக்கும் கணக்கோடும் எதுவும் ஒத்துப் போகவில்லை. இந்தப் பொருந்தாமைதான் பயணக் குமட்டலின் வேர் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். ஸ்டியரிங்கைத் தானே திருப்புகிற டிரைவருக்கு எந்த வளைவும் எதிர்பாராமல் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் அந்த மலையில் ஓட்டினாலும் அவர் வாந்தி எடுக்காதது அதனால்தான்.

காது இல்லாமல் இந்த நோய் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பிறகு நாசாவும், விண்வெளிப் பயணத்தில் உடல் என்னவாகும் என்று அறிய, வாஷிங்டனில் உள்ள கேலடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலால் கேட்கும் சக்தியை இழந்தவர்கள். அந்த நோய் அவர்களின் அசைவுணர் உறுப்பையும் பாதித்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளித்த கடலில் ஒரு படகில் அவர்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டு அரட்டையடித்தார்கள். கூடப் போன ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்துச் சோர்ந்ததால் சோதனையே நிறுத்தப்பட்டது.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் கடகடவென்று உதறுவது இடுப்பை உடைக்குமே தவிர அவ்வளவாகக் குமட்டாது. மெதுவான, நீண்ட ஆட்டம்தான் கெட்டது. ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒருமுறை போய் வருகிற அசைவு மிக அதிகமாகக் குமட்டலைத் தருகிறது என்று 1970களில் நடந்த சோதனைகள் காட்டின. கடலில் கப்பல் ஆடுவது ஏறத்தாழ இந்த வேகத்தில்தான். மலைப்பாதையில் வலப்பக்கம் ஒடித்து, இடப்பக்கம் ஒடித்து, பிரேக் போட்டு, மறுபடி முடுக்கிப் போகிற பஸ்ஸும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் அதிகமான பஸ் பயணிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முன்னால் உள்ள சாலை கண்ணுக்குத் தெரியாதவர்கள் உடல் சரியில்லை என்று சொன்னது, தெரிந்தவர்களைவிட மூன்று மடங்கு. 'முன் சீட்டில் உட்கார்' என்று நம் ஊரில் சொல்லி வருவது சும்மா இல்லை.

காதில் நடக்கும் குழப்பம் வயிற்றுக்கு எப்படி வருகிறது?

பிடரிக்கு மேலே, மூளையும் தண்டுவடமும் சேரும் இடம் மூளைத்தண்டு. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. வயிறு, குடல், இதயம், நுரையீரல் இவற்றின் நிலவரமெல்லாம் வேகஸ் என்ற நீளமான நரம்பு வழியாக அங்கே வந்து சேர்கிறது. இரைப்பை நிறைந்து விரிந்திருக்கிறது, கொழுப்பு வந்திருக்கிறது, கெட்டுப்போன ஏதோ குடலை எரிக்கிறது என்பன போன்ற செய்திகள் அவை. உள்காதின் செய்திகளும் போய்ச் சேர்வது அதே வட்டாரத்துக்குத்தான். ரத்தத்தில் விஷம் கலந்தால் மோப்பம் பிடிக்கிற பகுதியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, குமட்டலைத் தீர்மானிக்கிற இடம் ஒன்று, அங்கே செய்தி வரும் வழிகள் பல. ஒவ்வொரு வழியாகவும் கொஞ்சம் கொஞ்சம் வந்தாலும் மொத்தமாகச் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். வயிறு நிரம்பியவனுக்கு வளைவு ஏறும் முன்பே அந்த இடத்தில் பாதி பாரம் ஏறியிருக்கிறது. டீசல் நாற்றம், பக்கத்து சீட்டுக்காரர் எடுத்த வாந்தியின் வாடை, 'இன்னைக்கும் வந்துடுமோ' என்ற பயம் எல்லாம் அதே கணக்கில்தான் வரவாகின்றன.

இது மேலே போகிற பாதை. கீழே வருகிற பாதை இன்னும் சுவாரசியமானது. நம் இரைப்பைக்கு ஒரு தாளம் உண்டு. அதன் சுவரில் மெல்லிய மின்னலை ஒன்று நிமிடத்துக்கு மூன்று முறை மேலிருந்து கீழாக ஓடுகிறது. அந்தத் தாளத்துக்கு ஏற்பத்தான் இரைப்பை சுருங்கிப் பிசைகிறது. வயிற்றின் மேல்தோலில் மின்முனைகளை ஒட்டி, இ.சி.ஜி. எடுப்பதைப்போல இதைப் பதிவு செய்யலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெர்ன், கென்னத் காக் ஆகியோரின் குழு 1980களில் இதை வைத்து ஒரு சோதனை செய்தது. உள்பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டிய பெரிய உருளைக்குள் ஒருவரை அசையாமல் உட்கார வைத்து, உருளையை மட்டும் அவரைச் சுற்றிச் சுழற்றுவார்கள். சில நிமிடங்களில் தானே சுழல்வதாக அவருக்குத் தோன்றும், பலருக்குக் குமட்டும். குமட்டியவர்களின் இரைப்பைத் தாளம் மூன்றிலிருந்து எகிறி, நிமிடத்துக்கு நான்கு முதல் ஒன்பது வரை ஒழுங்கில்லாமல் துடித்தது. குமட்டாதவர்களுக்கு மூன்றிலேயே நின்றது.

தாளம் வேகமானால் வேலையும் வேகமாகும் என்று நினைத்தால் தவறு. அந்தத் துடிப்பில் இரைப்பை பிசைவதில்லை. மேல்பகுதி தளர்ந்து தொங்குகிறது, கீழ்ப்பகுதி சுருங்க மறுக்கிறது, உணவு சிறுகுடலுக்கு இறங்குவது தாமதமாகி, குமட்டல் முற்றும்போது நின்றே போகிறது. பஸ்ஸில் தலை சுற்றுகிறவர் 'சாப்பிட்டது நெஞ்சிலேயே நிக்குது' என்று சொல்வது கற்பனை இல்லை, உள்ளே நிலவரம் ஏறத்தாழ அதுதான்.

இப்போது பூரிக்கு வருவோம். காலை ஆறரைக்குச் சாப்பிட்டு முடித்து ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பூரி, கிழங்கு மசால், ஒரு வடை, டீ, தண்ணீர். வயிறு சுரக்கும் அமிலத்தையும் சேர்த்தால் இரைப்பையில் அரை லிட்டருக்குக் குறையாது. தண்ணீரும் டீயும் சீக்கிரம் இறங்கிவிடும். கெட்டியான உணவு அப்படியில்லை. இரைப்பையின் கீழ்ப்பாதி ஒரு கிரைண்டர். ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்ட துணுக்கைத்தான் அது குடலுக்கு விடும், மற்றதைத் திருப்பித் தள்ளி மறுபடி அரைக்கும். ஆகவே முதல் அரைமணி நேரம் அரைப்பிலேயே போய்விடும், கெட்டிப் பொருள் எதுவும் பெரிதாக வெளியேறாது. சாதாரண உணவென்றால் பாதி வெளியேற இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஏறக்குறைய காலியாக நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயில் பொரித்தது என்றால் இன்னும் தாமதம். ஏனென்றால் கொழுப்பின் முதல் துளிகள் சிறுகுடலில் பட்டதுமே அங்கிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, 'மெதுவாக அனுப்பு' என்று இரைப்பையைத் தடுக்கிறது. இதே ஹார்மோன் அளவு கூடினால் வயிறு திம்மென்ற உணர்வையும் குமட்டலையும் தானே தரக்கூடியது.

பஸ் ஆழியாறைத் தொடும்போது மணி ஏழரை. சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அரைப்பு முடிந்து, அனுப்புவது இப்போதுதான் தொடங்கியிருக்கும். தின்றதில் பெரும்பகுதி இரைப்பையிலேயே இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து வளைவுகள் தொடங்குகின்றன, காது குழம்புகிறது, மூளைத்தண்டு இரைப்பையை நிறுத்துகிறது. கீழே இறங்க வேண்டியது இறங்கவில்லை. விரிந்த இரைப்பை 'நான் நிறைந்திருக்கிறேன்' என்று மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறது, அது குமட்டலைக் கூட்டுகிறது. கூடிய குமட்டல் இரைப்பையை இன்னும் இறுக நிறுத்துகிறது. சாப்பிட்டவுடன் பஸ் ஏறினால் குமட்டல் மோசமாவதன் ரகசியம் இந்தச் சுழலில்தான் இருக்கிறது. பூரி அதைத் தொடங்கி வைக்கவில்லை. ஆனால் தொடங்கியதை விடாமல் சுற்ற வைக்கிறது.

ஒன்பதாவது வளைவுக்குள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். முதலில் பேச்சு நிற்கும். பிறகு கொட்டாவி, பெருமூச்சு, தூக்கக் கலக்கம். இதைப் பெரும்பாலானோர் 'விடிகாலையில எந்திரிச்சது, தூங்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். அடுத்து மேலுதட்டுக்கு மேல் குளிர்ந்த வேர்வை, முகம் வெளுப்பு. வாயில் எச்சில் ஊறத் தொடங்கினால் நேரம் அதிகம் இல்லை என்று அர்த்தம். மேலே வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காக்க உடல் செய்யும் ஏற்பாடு அந்த எச்சில். அதன்பின் சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பலத்த அலை தலைகீழாகக் கிளம்பி, உள்ளிருப்பதை இரைப்பைக்குள் தள்ளுகிறது. உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து இரைப்பையைப் பிழிகின்றன. வெளியே தள்ளும் வேலையை இரைப்பை செய்வதே இல்லை, அது தளர்ந்து போன வெறும் பை.

பட்டினிப் பிள்ளையின் மஞ்சள் நீருக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. தலைகீழ் அலை சிறுகுடலிலிருந்து கிளம்புவதால், இரைப்பையில் சோறில்லாவிட்டால் குடலில் இருக்கும் பித்தநீர்தான் மேலே வருகிறது. 'பித்தம் ஏறிடுச்சு, அதான் வாந்தி' என்று பாட்டிமார் சொல்வதில் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. வாந்தி வந்ததால் பித்தம் ஏறியது. கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் வாந்தி, எடுத்தபின் கொஞ்ச நேரமாவது ஆசுவாசம் தரும், ஏனென்றால் காரணமே வெளியே போகிறது. பஸ் வாந்தியில் காரணம் காதில் இருக்கிறது. பஸ் ஓடும்வரை அது நிற்காது. அதனால்தான் ஒன்றுமில்லாத வயிறும் மறுபடி மறுபடி ஓங்கரிக்கிறது. என்னைக் கேட்டால், இரண்டில் பட்டினி வாந்திதான் கொடுமை.

பட்டினி நல்லதில்லை என்பதற்கு அதே உருளைச் சோதனையிலிருந்தே ஆதாரம் இருக்கிறது. 1992-ல் வெளியான ஆய்வில், சோதனைக்கு முன் சாப்பிட்டவர்களைவிடப் பட்டினியாக உட்கார்ந்தவர்களுக்குத்தான் குமட்டல் அதிகம் வந்தது. அளவான உணவு இரைப்பையின் மூன்று தாளத்தை நிலைப்படுத்துகிறது, காலியான வயிற்றின் தாளம் எளிதில் கலைகிறது என்பது அவர்களின் விளக்கம். 2004-ல் அதே வகை சோதனையில், மாவுச்சத்து பானம் குடித்தவர்களைவிடப் புரதம் மிகுந்த பானம் குடித்தவர்களுக்குத் தொல்லை குறைவாக இருந்தது. உருளையும் வால்பாறை ரோடும் ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் போக வேண்டிய திசை தெரிகிறது. பஸ்ஸுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, கூட ஒரு அவித்த முட்டை அல்லது கொஞ்சம் சுண்டல். அவ்வளவு முன்னால் முடியாது என்றால் ஏறும் முன் ஒரே ஒரு இட்லி, அல்லது நாலு பிஸ்கட். எண்ணெய் வேண்டாம். கோலி சோடாவும் வேண்டாம், அதன் வாயு வயிற்றை வீணாக விரிக்கும். தண்ணீரை மடக்கென்று குடிக்காமல் வாய் நனைகிற அளவுக்கு அவ்வப்போது குடிக்கலாம். இரவு பஸ்கள் நெடுஞ்சாலை ஓட்டலில் இருபது நிமிடம் நிற்கும்போது பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறுவது இந்தக் கணக்கில் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏறியபிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். பின் சக்கரத்துக்கும் பின்னால் உள்ள சீட்டுகள் அதிகம் தூக்கிப் போடும், வளைவில் அதிகம் வீசும். முன்பாதியில், கண்ணாடி வழியே ரோடு தெரிகிற இடமே நல்லது. அது கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சீட்டில் அழுத்திச் சாய்த்து வைப்பது அடுத்த வழி. அப்போது கண்ணும் காதும் சண்டை போடாது, தலையும் வீணாக ஆடாது. பலரும் செய்கிற பெரிய தவறு, குமட்டல் வந்ததும் குனிந்து பையில் எலுமிச்சம்பழம் தேடுவது. ஓடும் வளைவில் தலை குனிந்தால் காதின் குழப்பம் இரட்டிப்பாகும். பழத்தை ஏறும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் இரைப்பைதான் நடுவில் நிற்கிறது. மெடிக்கல் ஷாப்பில் 'பஸ்ல வாந்தி வராம இருக்க' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது புரோமெத்தசின் வகை. அது காதிலிருந்து வரும் செய்தியை மூளைத்தண்டிலேயே மட்டுப்படுத்துகிறது, நல்ல தூக்கமும் வரும். ஆனால் மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால் இரைப்பையைக் கடந்து குடலுக்குப் போய் ரத்தத்தில் சேர வேண்டும். ஒன்பதாவது வளைவில், இரைப்பை நின்றபிறகு போட்ட மாத்திரை பூரியோடு பூரியாக அங்கேயே கிடக்கும், அல்லது அதோடு சேர்ந்தே கவருக்குள் வந்துவிடும். 'மாத்திரை போட்டும் கேக்கல' என்கிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். இன்னொரு தவறு, வீட்டில் மிச்சமிருக்கும் டோம்பெரிடோன், ஆன்டன்செட்ரான் போன்ற வாந்தி மாத்திரைகளைப் போட்டுக்கொள்வது. வயிறு கெட்டோ, சிகிச்சைகளாலோ வரும் வாந்திக்கு அவை கேட்கும். காதுவழி வரும் குமட்டலுக்குப் பெரிதாக உதவுவதில்லை, ஏனென்றால் அவை மறிக்கும் பாதையே வேறு. இஞ்சிக்கு, ஒரு கிராம் அளவில் கொடுத்தபோது உருளைச் சோதனையில் குமட்டலும் இரைப்பைத் துடிப்பும் குறைந்தன. மற்ற சோதனைகளில் பலன் ஒரே மாதிரி இல்லை. கெடுதல் இல்லாதது, நம்பிக்கை இருந்தால் ஒரு துண்டு மெல்லலாம்.

பஸ்ஸில் வரும் குமட்டலெல்லாம் பஸ்ஸால் வருவதில்லை. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் முதலில் வந்து, சமவெளி ரோட்டிலும் அப்படியே இருந்தால் அது அமிலம் மேலேறுவது. வீட்டில் படுத்திருக்கும்போதே தலை சுற்றினால் காதையே தனியாகப் பார்க்க வேண்டும். இறங்கி ஒரு நாள் ஆகியும் வாந்தி நிற்கவில்லை, வயிறு கடுமையாக வலிக்கிறது, ரத்தம் கலந்து வருகிறது என்றால் டாக்டரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அபூர்வம். பத்து வயதை ஒட்டித்தான் அது உச்சத்தில் இருக்கிறது. மடியில் இருக்கும் கைக்குழந்தை மலை பஸ்ஸில் பாலைக் கக்கினால், ஏறும் முன் வயிறு முட்டக் கொடுத்த பால் குலுக்கலில் வெளியே வருவதாகவே பெரும்பாலும் இருக்கும். கொடுத்தபின் சிறிது நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விட வைத்து ஏறினால் போதும். அந்த வயதுக் குழந்தைக்கு, பெரிய பிள்ளைக்கு வாங்கிய புரோமெத்தசினில் கால் பங்கு உடைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்கவே கூடாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது மூச்சையே அடக்கிவிடக்கூடிய மருந்து.